தாடையோரப் பருவுக்குப் பள்ளிக்கால வைத்தியம் வேண்டாம்

கிருஷ்ணகிரியில் மருந்துக்கடை கவுன்டரில் நிற்கும் எனக்கு இது தினமும் பார்க்கிற காட்சி. பிளஸ் டூ பையன் பரு என்றால் நெற்றியையும் மூக்கையும் காட்டுவான். முப்பது வயதுப் பெண் துப்பட்டாவை விலக்கித் தாடையின் கீழ்விளிம்பைக் காட்டுவார். கேட்பது மட்டும் இருவரும் ஒன்றைத்தான்: "நல்லா காய்ஞ்சு போற மாதிரி ஏதாவது குடுங்க."

பையனுக்கு அது ஓரளவு சரி. அவன் முகத்தில் எண்ணெய் வழிகிறது, துவாரங்கள் அடைத்துக் கரும்புள்ளியும் வெண்புள்ளியுமாக நிறைய இருக்கின்றன. அந்தப் பெண்ணுக்குக் கரும்புள்ளியே இருக்காது. தாடையிலும் மோவாயிலும் கழுத்து தொடங்கும் இடத்திலும் தோலுக்கு அடியில் நாலைந்து கட்டி. தொட்டால் வலிக்கும், முனை இருக்காது. மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்னால் வரும், போனாலும் பழுப்புத் தழும்பை மாதக்கணக்கில் விட்டுவைக்கும். கட்டி அப்படி இருக்க, மேல்தோலோ பல நேரம் வறண்டுதான் கிடக்கும்.

ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகிறது. பெண் உடலிலும் அது கொஞ்சம் உண்டு. ரத்தத்தில் அதன் அளவு சரியாகவே இருக்கும் பெண்களுக்கும் இந்தப் பரு வருகிறது. அந்த அளவுக்கே அவர்கள் சுரப்பிகள் அதிகமாகத் துள்ளுவதுதான் காரணம் என்று கருதப்படுகிறது. அதனால் "டெஸ்ட் எல்லாம் நார்மல், அப்போ அழுக்குதான் காரணம்" என்று முடிவுகட்டி முகத்தைத் தேய்க்கத் தொடங்குவது முதல் தவறு.

காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போய்வரும் 32 வயது ஆசிரியை ஒருவர் செய்துவந்ததைக் கேளுங்கள். காலை, மதியம், மாலை, ராத்திரி என நான்கு வேளை சோப்பு. வாரத்தில் மூன்று நாள் பொடி வைத்துத் தேய்ப்பு. பரு வந்த இடத்தில் எலுமிச்சைச் சாறும் மஞ்சளும். அதற்கு மேல் சாலிசிலிக் அமிலம் உள்ள ஃபேஸ் வாஷ். மாய்ஸ்சரைசர் கிடையாது, அது எண்ணெய் விட்டுவிடும் என்ற பயம். வீட்டில் சோப்புக்கு நுரையே வராத போர்த் தண்ணீர். அப்படிப்பட்ட உப்புத் தண்ணீரில் கட்டி சோப்புப் போட்டால் வழுவழுவென்று ஒரு படிவு தோலிலேயே தங்கிவிடும், சோப்பின் காரத்தன்மை வேறு. கடைசியில் வெறும் தண்ணீர் பட்டாலே முகம் எரிந்தது, பரு மட்டும் ஒன்றுகூடக் குறையவில்லை. குறையாது. தோலுக்கு அடியில் இருக்கிற கட்டிக்கு மேலே தேய்த்து என்ன ஆகப்போகிறது? எரிச்சல் கூடினால் நம் மாநிறத்தில் தழும்புதான் இன்னும் கறுக்கும்.

தோல் மருத்துவர் முதலில் எல்லாவற்றையும் இரண்டு வாரம் நிறுத்தச் சொன்னார். காலையும் இரவும் சோப்பில்லாத மென்மையான ஃபேஸ் வாஷ், மேலே வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், பகலில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன். அவ்வளவுதான். எரிச்சல் அடங்கிய பிறகுதான் துவாரம் அடைபடாமல் தடுக்கும் அடாபலீன் 0.1 சதவீத ஜெல் எழுதினார், அதுவும் வாரம் இரண்டு இரவு மட்டும்.

இங்கேதான் அடுத்த தவறு நடக்கும். பெரும்பாலானவர்கள் ஜெல்லைப் பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பார்கள். இன்று தெரிகிற கட்டி சில வாரங்களுக்கு முன்பே கண்ணுக்குத் தெரியாத அடைப்பாகத் தொடங்கியது. அதனால் இந்த மருந்து வேலை செய்ய வேண்டிய இடம் இன்னும் பரு வராத தோல். பட்டாணி அளவு எடுத்து, ஒரு காதடியிலிருந்து மறு காதடிவரை தாடை முழுக்க மெல்லியதாகப் பரப்ப வேண்டும். முகம் நன்றாகக் காய்ந்த பிறகு போட வேண்டும், ஈரத்தில் போட்டால் எரிச்சல் கூடும். வறட்சி அதிகம் என்றால் முதலில் மாய்ஸ்சரைசர், பிறகு ஜெல், மறுபடி மாய்ஸ்சரைசர். நாலு வாரம் தாங்கினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று கூட்டலாம்.

முதல் சில வாரங்களில் பரு கொஞ்சம் கூடுவதுபோல் தெரியும். பாதிப் பேர் அங்கேயே டியூபைத் தூக்கிப்போடுகிறார்கள். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். ஒரு பருவை வைத்து எடைபோடாமல், மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் புதிதாக எத்தனை வந்தன என்று காலண்டரில் குறித்து மாதத்துக்கு மாதம் ஒப்பிடுவதே சரியான கணக்கு. கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்கு முயல்பவர்களும் அடாபலீனைத் தொடக்கூடாது. அவர்களுக்குப் பெரும்பாலும் அசெலாயிக் அமிலக் கிரீம் தருவார்கள். அது தழும்பின் கருமையையும் குறைக்கும். பென்சாயில் பெராக்சைடு எழுதியிருந்தால் 2.5 சதவீதமே போதும். அது துணியின் சாயத்தை வெளுத்துவிடும், துப்பட்டாவும் தலையணை உறையும் ஜாக்கிரதை.

ஆசிரியையின் ஹெல்மெட் பட்டையும் கொஞ்சம் குற்றவாளிதான். வியர்வையோடு பட்டை உரசும் இடத்தில் பரு கூடும். பட்டையைத் துவைத்து வைத்தார், காலையில் தலைக்கு வைக்கிற எண்ணெய் தாடைவரை இறங்காமல் இரவில் வைத்துக் காலையில் அலசினார். அதற்காக ஹெல்மெட்டைக் கழற்றிவிட வேண்டாம், பருவுக்கு மருந்து இருக்கிறது.

நான் கவுன்டரில் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தார் என்று படர்தாமரை டியூபைப் பருவுக்குப் போடுகிறவர்கள். பின்பக்கம் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. நாலே நாளில் சிவப்பு அடங்கி முகம் பளிச்சென்று ஆகும், அதுதான் வலை. சில வாரங்களில் எல்லாம் ஒரே அளவில் சின்னச் சின்னச் சிவப்புப் பொரிகள் கிளம்பும், தோல் மெலியும், வெயில் பட்டால் எரியும், நிறுத்தினால் இன்னும் மோசமாகும். ஏற்கெனவே பல வாரமாகப் போடுகிறீர்கள் என்றால் டியூபோடு மருத்துவரிடம் போங்கள், எப்படி நிறுத்துவது என்பதை அவர் சொல்லட்டும்.

ஆண்களுக்கு ஒரு வரி: ஷேவ் செய்த மறுநாள் தாடைக்கடியில் வரும் பொரிக்குள் சுருண்ட முடி தெரிந்தால் அது பருவே இல்லை. முடி வளரும் திசையில் மழித்துப் பாருங்கள்.

ஆசிரியைக்கு மூன்றாவது மாதம் புதிய கட்டிகள் பாதியாகக் குறைந்தன, அதற்கு மேல் இறங்கவில்லை. காலண்டரைப் புரட்டியபோதுதான் மாதவிலக்கு 45, 50 நாளுக்கு ஒருமுறை வருவது கண்ணில் பட்டது, மோவாயில் முடியும் கூடியிருந்தது. மகப்பேறு மருத்துவர் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுத்து, பிசிஓஎஸ் என்கிற சினைப்பை ஹார்மோன் கோளாறு என்றார். இப்படிப்பட்ட நேரத்தில் பூசும் மருந்து தனியாகக் கரை சேர்க்காது. ஹார்மோன் மாத்திரையோ, ஆண்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையோ கூட வேண்டியிருக்கும். இரண்டையும் மருத்துவர் பார்க்காமல் தொடங்கக்கூடாது, ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கவும் கூடாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதைக் காட்டலாம். போகும்போது மூன்று மாதத் தேதிகளையும், இதுவரை முகத்தில் போட்ட டியூபுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.