பரிசளிப்பு விழா ஆண்டறிக்கை எழுதுவது எப்படி: பணக்கணக்குப் பத்தியில் நான் தடுக்கி விழுந்த இடம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் துணைத் தலைமையாசிரியராக இருக்கிறேன். தலைமையாசிரியர் பரிசளிப்பு விழாவில் வாசிக்கும் ஆண்டறிக்கையை ஐந்து ஆண்டுகளாக நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். விளிகளை எந்த வரிசையில் அடுக்குவது, நன்றியுரையை யார் சொல்வது என்பவற்றை விழாக் குழுவே பார்த்துக்கொள்ளும் என்பதால் அவற்றை இங்கே தொடவில்லை. சாதனை, நிதி, அடுத்த ஆண்டுத் திட்டம் ஆகிய மூன்றையும் பத்து நிமிடத்திற்குள் ஒன்றோடொன்று இடிக்காமல் எப்படிச் சொல்வது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதற்படி: நேரத்தை அளந்துகொள்ளுங்கள்

பழைய அறிக்கையில் ஒரு பக்கத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, கடிகாரத்தைப் பாருங்கள். எங்கள் தலைமையாசிரியர் ஒலிபெருக்கி முன் நிமிடத்திற்கு ஏறத்தாழ 80 சொற்கள் வாசிக்கிறார். ஆகவே பத்து நிமிடம் என்றால் 800 சொற்கள்தான். மேடைக்குப் பின்னால் பரதநாட்டிய ஒப்பனையோடு குழந்தைகள் வியர்த்துக்கொண்டு நிற்கும்போது 801ஆவது சொல்லை யாரும் கேட்பதில்லை. நான் 250 சொற்களைச் சாதனைக்கும், 200 சொற்களை நிதிக்கும், 250 சொற்களைத் திட்டத்திற்கும் ஒதுக்கி, மீதியை விளிகளுக்கு விட்டுவிடுகிறேன்.

இரண்டாம் படி: சாதனையைத் தலைகளாக எண்ணுங்கள்

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகு, "இத்தனை விழுக்காடு தேர்ச்சி, இத்தனை பேர் எல்லாப் பாடத்திலும் ஏ" என்று ஒரே வரியில் சொல்லிவிடும் வசதி போய்விட்டது. இப்போது கையில் இருப்பது வகுப்புசார் மதிப்பீட்டின் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலைகள். இவற்றைப் பழைய விழுக்காட்டோடு ஒப்பிட்டு "வளர்ந்திருக்கிறோம்" என்று எழுதாதீர்கள். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள்.

சிறிய பள்ளிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆறாம் ஆண்டில் 14 மாணவர்கள்தாம் என்றால், ஒரு மாணவன் ஏறினாலும் இறங்கினாலும் விழுக்காடு ஏழு புள்ளி ஆடும். அதைவிட முக்கியமானது, "கணிதத்தில் இருவர் அடைவுநிலை 3ஐ எட்டவில்லை" என்று மேடையில் வாசித்தால், அந்த இருவர் யார் என்பது மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவர்களுடைய தாய்மார்களும் அங்கேதான் இருப்பார்கள். எனவே குறையை ஒரு வகுப்பின் கணக்காகச் சொல்லாமல், ஆறு ஆண்டுகளையும் சேர்த்துப் பள்ளியின் கணக்காகச் சொல்லி, அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பதை அடுத்த வாக்கியத்திலேயே வைத்துவிடுகிறேன்.

போட்டி வெற்றிகளில் இரண்டை மட்டும் வாசிக்கக் கொடுத்து, மற்றவற்றை நிகழ்ச்சி நிரல் ஏட்டில் அச்சிட்டுவிடுங்கள். பதினேழு போட்டிகளின் பெயரையும் வாசித்துத்தான் ஆக வேண்டும் என்று புறப்பாடப் பொறுப்பாசிரியர் சண்டை பிடிப்பார். விட்டுக்கொடுக்காதீர்கள். எந்த இரண்டைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு எனக்கு ஒரு விதி உண்டு: நிதிப் பத்தியில் ஏதேனும் ஒரு செலவோடு நேரடியாகத் தொடுக்க முடிந்த வெற்றியையே எடுப்பேன். காரணம் கீழே தெரியும்.

மூன்றாம் படி: நிதிப் பத்தி

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். முதல் முறை எழுதியபோது அலுவலக உதவியாளர் கொடுத்த தாளில் இருந்த தொகைகளையெல்லாம் கூட்டி, "இவ்வாண்டு பள்ளி பெற்ற மொத்த நிதி" என்று ஒரே எண்ணாக எழுதிவிட்டேன். அதில் மூன்று பிழைகள் இருந்தன.

முதலாவது, பணம் ஒரே பையில் இல்லை. மாணவர் தலைக்கு இவ்வளவு என்று வரும் மானியத்தை உள்ளடக்கிய அரசாங்கக் கணக்கு ஒன்று. ஆசிரியர் அறையில் "சுவா" என்று சொல்லும் பொதுமக்கள் நன்கொடைக் கணக்கு இன்னொன்று. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கணக்கோ சங்கத்துடையது. அதைச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பொருளாளர் படைப்பார். தலைமையாசிரியர் அங்கே ஆலோசகர் மட்டுமே. சங்கம் பள்ளிக்கு என்ன செய்து கொடுத்தது என்று நன்றியோடு குறிப்பிடலாம். சங்கத்தின் இருப்பை நம் கணக்கில் கூட்டக் கூடாது. மூன்றையும் சேர்த்தால் பெரிய தொகையாகத் தெரியும். "இவ்வளவு பணம் இருந்துமா கழிப்பறைக் கதவு இப்படிக் கிடக்கிறது?" என்ற கேள்வி வரும். பாடத்திற்கென வந்த மானியத்தில் கதவு மாற்ற முடியாது என்பதை அப்போது மேடையில் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

இரண்டாவது, காலம். பள்ளிக் கணக்கு ஜனவரி முதல் நாளில் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. பள்ளி ஆண்டோ 2024இல் மார்ச்சிலும், 2025இல் பிப்ரவரியிலும் தொடங்கியது. 2026இல்தான் மீண்டும் ஜனவரிக்கு வந்தது. "இவ்வாண்டு" என்று நான் எழுதியதைச் சாதனைப் பகுதியில் ஒரு காலமாகவும் நிதிப் பகுதியில் வேறொரு காலமாகவும் கொள்ள வேண்டியிருந்தது. விழா நடக்கும்போது டிசம்பர் கணக்கும் முடிந்திருக்காது. இப்போதெல்லாம் நிதிப் பத்தியின் முதல் வாக்கியமே "ஜனவரி முதல் செப்டம்பர் 30 வரையிலான கணக்கு இது" என்றுதான் தொடங்கும்.

மூன்றாவது, வாக்குறுதி. ஒரு நலம்விரும்பி தருவதாகச் சொன்ன 5,000 ரிங்கிட்டை வரவில் சேர்த்து வாசிக்க வைத்துவிட்டேன். மண்டபம் கைதட்டியது. இரண்டு மாதம் கழித்துச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது முன்னாள் சங்கத் தலைவர் ஒருவர், "ஐயா, அந்த அஞ்சாயிரம் வெள்ளி வந்துச்சுங்களா?" என்று கேட்டார். வரவில்லை. அன்றிலிருந்து ரசீது எண் இல்லாத எந்தத் தொகையையும் வரவு என்று எழுதுவதில்லை.

இனி, ஒரு மாதிரிக் கணக்கு. தொகைகள் விளக்கத்திற்காக நான் அமைத்தவை. நன்கொடைக் கணக்கில் தொடக்க இருப்பு 3,215.40, வரவு 21,480.00, செலவு 18,437.60, மீதம் 6,257.80 என்று வைத்துக்கொள்வோம். இப்படியே வாசித்தால், காதால் மட்டும் கேட்பவருக்கு ஒன்றும் நிற்காது. நூறுக்கு முழுமையாக்கினால் 3,200, 21,500, 18,400, 6,300 என்றாகும். முழுமையாக்கிய பிறகு மீண்டும் ஒருமுறை கூட்டிக் கழித்துப் பாருங்கள். இங்கே 3,200உடன் 21,500ஐக் கூட்டி 18,400ஐக் கழித்தால் சரியாக 6,300 வருகிறது. சில ஆண்டுகளில் நூறு வெள்ளி இடறும். மண்டபத்தில் மனக்கணக்குப் போடும் ஒரு தாத்தா எப்போதும் இருப்பார் என்பதால், இடறினால் ஐம்பதுக்கு முழுமையாக்கிப் பாருங்கள்.

செலவில் இரண்டு இனங்களை மட்டும் பெயர் சொல்லுங்கள். நம் மாதிரியில் போட்டிகளுக்கான வாடகைப் பேருந்து 12 பயணம், பயணத்திற்கு 660, ஆக 7,920. நூலக அலமாரிகளுக்கு 6,350. மீதமுள்ள 4,167.60ஐ "சில்லறைச் செலவுகள், விவரம் அலுவலகத்தில் பார்வைக்கு உண்டு" என்று முடித்துவிடலாம். அப்படி எழுதினால் அந்தத் தாள் உண்மையிலேயே அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

வாசிக்கும் பத்தி இப்படி அமையும்:

"ஜனவரி முதல் செப்டம்பர் இறுதி வரை நன்கொடைக் கணக்கில் இருபத்தோராயிரத்து ஐந்நூறு ரிங்கிட் வரவாகியது. முந்தைய இருப்பு மூவாயிரத்து இருநூறு. பதினெட்டாயிரத்து நானூறு செலவானது. அதில் ஏறத்தாழ எட்டாயிரம் நம் குழந்தைகளைப் பன்னிரண்டு போட்டிகளுக்கு அழைத்துச் சென்ற பேருந்துக் கட்டணம். சற்றுமுன் குறிப்பிட்ட கதை சொல்லும் போட்டிக்கும் அந்தப் பேருந்தில்தான் சென்றோம். மீதம் ஆறாயிரத்து முந்நூறு."

கதை சொல்லும் போட்டியைச் சாதனைப் பகுதியில் நான் தேர்ந்தெடுத்தது இதற்காகத்தான். நன்கொடை கொடுத்தவருக்குத் தம் பணம் போன இடம் ஒரு குழந்தையின் முகமாகத் தெரியும்.

நான்காம் படி: திட்டத்தை மீதத்திலிருந்து தொடங்குங்கள்

6,300 என்ற எண்ணைச் சொன்னவுடன் அடுத்த ஆண்டுக்குத் தாவிவிடுங்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குச் சனிக்கிழமை வாசிப்பு வகுப்பு, 30 வாரம், சிற்றுண்டிக்கு வாரம் 80, ஆக 2,400 என்று வைத்துக்கொள்வோம். மீதத்திலிருந்து இதை எடுத்தால் 3,900 எஞ்சும். அது ஆண்டுத் தொடக்கத்தில் ஐந்து பேருந்துப் பயணங்களுக்குப் போதும். யார் நடத்துவார், எந்த மாதம் தொடங்கும், பணம் எந்தப் பையிலிருந்து வரும் என்ற மூன்றுக்கும் விடை இருந்தால்தான் அதைத் "திட்டம்" என்று எழுதுகிறேன். மண்டபக் கூரையைப் போல மேலிடத்திற்கு விண்ணப்பம் மட்டும் போயிருந்தால், "விண்ணப்பித்துள்ளோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம்" என்பதோடு நிறுத்த வேண்டும். "விரைவில்" என்ற சொல்லை அறிக்கையிலிருந்தே துரத்திவிடுங்கள்.

ஐந்தாம் படி: வாசிப்புப் படி

கணக்கைக் கணினி விரிதாளில் போட்டுக்கொள்ளுங்கள். அறிக்கையை மட்டும் நேரடியாக யூனிகோடு எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். முரசு அஞ்சல் எனக்குப் பழகியது. பழைய எழுத்துருவில் இருக்கும் சென்ற ஆண்டுகளின் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினால், அச்சுக் கடையில் பாதிப் பத்தி குப்பையாக வெளிவரும். எங்களுக்கு அது விழாவுக்கு முந்தைய மாலை நடந்தது. வாசிப்புப் படியில் எழுத்தளவு 16, ஒவ்வொரு பக்கமும் பத்தியின் முடிவோடு நிற்க வேண்டும், தொகைகள் எழுத்தால் இருக்க வேண்டும். "18,400" என்று எண்ணால் எழுதினால், பதற்றத்தில் "நூற்று எண்பத்து நான்கு" என்று வாசித்தவரைப் பார்த்திருக்கிறேன். ரிங்கிட் என்பதா, வெள்ளி என்பதா என்று கேட்டால், முதல் முறை ரிங்கிட் என்று சொல்லிவிட்டுப் பிறகு வெறும் எண்ணை மட்டும் சொன்னாலே போதும்.

பிற்சேர்க்கை: கெடாவிலிருந்து ஓர் ஆசிரியை, மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து வரும் விருந்தினருக்குத் தமிழ் தெரியாதபோது என்ன செய்வது என்று கேட்டிருந்தார். முழு அறிக்கையையும் இரு மொழியில் வாசித்தால் நேரம் இரட்டிப்பாகும். நாங்கள் இறுதியில் மலாயில் எட்டே வாக்கியங்கள் வாசிக்கிறோம். ஒருமுறை மலாய்ச் சுருக்கத்தை வேறொருவர் எழுதியதால் தமிழில் 6,300 என்றும் மலாயில் 6,257 என்றும் இரண்டு மீதங்கள் வந்துவிட்டன. இரண்டும் சரியான எண்கள்தாம். ஆனால் இரு மொழியும் தெரிந்த பெற்றோர் ஒருவருக்கொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். தமிழ்ப் படி முடிந்த பிறகே, அதே முழுமையாக்கிய எண்களைக் கொண்டு மலாய்ச் சுருக்கத்தை எழுதச் சொல்லுங்கள்.