நைட்ரிக் அமில டிரம் ஒழுகும்போது மரத்தூளைத் தேடாதீர்கள்

லாரியிலிருந்து சரக்கு இறங்குகிறது. ஃபோர்க்லிஃப்டின் முள் கொஞ்சம் தள்ளிப்போய், 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றின் அடிப்பக்கத்தில் குத்திவிடுகிறது. உள்ளே இருப்பது 68 சதவீத நைட்ரிக் அமிலம். பதறிப்போன ஓட்டுநர் வண்டியைப் பின்னால் எடுக்கிறார். முதல் தவறு இதுதான். குத்திய முள்ளே ஓட்டையைப் பாதி அடைத்துக்கொண்டிருந்தது. அதை உருவியதும் சொட்டிக்கொண்டிருந்தது பீய்ச்சி அடிக்கிறது. அவர் செய்திருக்க வேண்டியது, வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு, சிந்தியதை மிதிக்காமல் இறங்கி விலகுவது.

அடுத்து, லேபிளைப் படிக்க யாரோ ஒழுகும் டிரம்மிடமே போகிறார். தேவையே இல்லை. அதே பேலட்டில் இருக்கும் மற்ற டிரம்களிலும் பெரும்பாலும் அதே லேபிள்தான் இருக்கும். ஓட்டுநரிடம் உள்ள சரக்குத் தாளிலும், ஆபத்தான சரக்கை அடையாளம் காட்டும் யு.என். எண் இருக்கும். இங்கே அது 2031. பழைய டிரம்மை மறுபடி பயன்படுத்தும் இடங்களில் லேபிள் ஒன்றும் தாள் வேறொன்றும் சொல்வதுண்டு. அப்போது இரண்டில் எது மோசமோ அதுதான் உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோந்து பார்த்து முடிவுசெய்ய மட்டும் போகாதீர்கள்.

லேபிளைப் பார்த்தவர்களும் பாதியில் நின்றுவிடுவதுண்டு. கையும் உலோகமும் அரிபடுவதைக் காட்டும் படம் கண்ணில் பட்டதும் ‘ஆசிட்’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பக்கத்திலேயே மஞ்சள் நிறத்தில், வட்டத்துக்கு மேல் தீ எரிகிற மாதிரி இன்னொரு சாய்சதுரம் இருக்கும், எண் 5.1. இந்த அமிலம் தானாக எரியாது, ஆனால் மற்றவற்றை எரிய வைக்கும் என்பது அதன் பொருள். அதைக் கவனிக்காததால்தான் அடுத்த தவறு நடக்கிறது.

குடோனில் எண்ணெய் சிந்தினால் மரத்தூள் போடுவது பழக்கம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஒரு மூட்டை கொட்டுவார்கள், இல்லையென்றால் கோணியும் கந்தல் துணியும் வரும். அடர் நைட்ரிக் அமிலம் மரத்தூளோடு வினைபுரிந்து சூடேறும், பழுப்பு நிறப் புகை கிளம்பும், சில நேரம் தீப்பிடிக்கும். உடனே பிடிக்கவில்லையே என்று அந்தத் தூளை அள்ளி டிரம்மில் போட்டு இறுக மூடினால், பிறகு உள்ளே வாயு சேர்ந்து டிரம் வெடிக்கலாம். இதற்கு உலர்ந்த மணல் அல்லது வெர்மிகுலைட் என்ற எரியாத கனிமத் துகள்தான் சரி. குழாயைத் திறந்து கழுவிவிடுவதும் உதவாது. கொஞ்சம் தண்ணீர் சூட்டைக் கிளப்பும், நிறையத் தண்ணீர் அமிலத்தை வடிகாலுக்குக் கொண்டுபோகும்.

மணல் இருந்தாலும் அதை எங்கே கொட்டுவது என்பதில் பலர் தவறுகிறார்கள். குட்டையின் நடுவே கொட்டிக்கொண்டிருக்கும்போது விளிம்பு ஓடிக்கொண்டே இருக்கும். சமதளத் தரையில் மூன்று மில்லிமீட்டர் கனத்தில் பரவினாலே 200 லிட்டர் கிட்டத்தட்ட 67 சதுர மீட்டரை மூடிவிடும். தரை சாய்வாக இருந்தால் அது நேரே வடிகாலுக்குத்தான் போகும். ஆகவே முதலில் வடிகால் வாயை மூடி அடைக்க வேண்டும். பிறகு ஓடும் திசையில் சற்றுத் தள்ளி மணலால் வரப்புக் கட்டி, கடைசியாக உள்பக்கம் வர வேண்டும். டிரம்மை உருட்டி ஓட்டையை மேல்பக்கம் திருப்பினால் ஒழுக்கு நின்றுவிடும். ஆனால் அது அமிலத்துக்கேற்ற உடையும் சுவாசக் கருவியும் உள்ள, பயிற்சி பெற்றவர்களின் வேலை. மெல்லிய நைட்ரைல் கையுறை இந்த அமிலத்துக்குத் தாங்காது. துணி முகக்கவசம் அந்த வாயுவைத் தடுக்காது. பழுப்புப் புகை தெரிந்தாலே மணல், வரப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு எல்லோரும் வெளியேறி, தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும்.

அப்புறம் ஆட்களை விலக்குவது. முன்வாசலில் நாடா கட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்தே விட்டிருப்பார்கள். டீ குடித்துவிட்டு வருபவர் அந்த வழியாக உள்ளே நடந்துவருவார். லாரி கேபினில் தூங்கும் உதவியாளரை யாரும் நினைப்பதே இல்லை. இத்தகைய திரவத்துக்கு எல்லாப் பக்கமும் குறைந்தது 50 மீட்டர் விலக வேண்டும். அதிலும் காற்று போகிற பக்கம் நிற்காமல், காற்று வருகிற பக்கத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் ஓர் ஆள் நிற்கட்டும்; வெளியே வந்தவர்களை எண்ணிப் பாருங்கள். அந்தப் புகை காற்றைவிட கனமானது, தாழ்வான இடங்களில் தங்கும் என்பதால் இறக்குமேடையின் கீழ்ப்பள்ளத்தில் யாரையும் நிற்க விடாதீர்கள்.

அமிலம் மேலே பட்டவரின் உடையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் நீண்ட நேரம் கழுவ வேண்டும். புகையைச் சுவாசித்தவரிடம், “நல்லாத்தானே இருக்கே, வீட்டுக்குப் போ” என்று சொல்வது எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. அந்த வாயு நுரையீரலில் நீர் கோக்க வைப்பதற்குப் பல மணி நேரம் ஆகலாம். லேசாக இருமிவிட்டுப் போனவர் இரவில் மூச்சுத் திணறி எழுந்திருப்பார். அவரை அப்போதே, யு.என். எண் உள்ள தாளோடு, மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.