உதவி கேட்டுப் போடும் பதிவில் நடக்கும் தவறுகள்

தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத் தண்டு அடிபட்ட இருபத்தாறு வயதுத் தம்பி ஒருவர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஒரே பக்கமாகப் படுத்திருந்ததில் பின்புறத்தில் ஆழமான படுக்கைப்புண். புண்ணை வெட்டிச் சுத்தம் செய்து, பக்கத்துத் தசையைத் திருப்பி மூடும் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. பணம் திரட்ட அவருடைய அண்ணன் எழுதிய பதிவைத் திருத்திக் கொடுத்தவன் நான். அதில் நடந்த தவறுகளில் எனக்கும் பங்கு உண்டு.

முதல் தவறு, சிகிச்சை எதற்கென்றே தவறாகச் சொன்னது. "தம்பியை மறுபடி நடக்க வைப்போம்" என்று தலைப்பு வைத்தோம். அந்த அறுவை சிகிச்சைக்கும் நடப்பதற்கும் தொடர்பே இல்லை. முதுகுத் தண்டு முழுதாக அறுபட்டால் நடை திரும்ப வழியில்லை என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆனால் "புண் ஆறணும், அவர் உட்காரணும்" என்று எழுதினால் பணம் வராது என்று பயந்தோம். பணம் வந்தது. கூடவே ஆறு மாதம் கழித்து, "இன்னும் நடக்கலையா தம்பி?" என்ற போன்களும் வந்தன. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கடை திறந்தவரை, ஏமாற்றியவர் போலப் பார்த்தார்கள்.

உள்ளதைச் சொல்லியிருந்தால் கணக்கும் தெளிவாக இருந்திருக்கும். அறுவை சிகிச்சையும் வார்டும் 2,10,000. சக்கர நாற்காலி 28,000. அழுத்தம் குறைக்கும் காற்று இருக்கை 14,000. காற்று மெத்தை 8,000. மொத்தம் 2,60,000. புண் திரும்ப வராமல் காப்பதில் இருக்கைக்கும் மெத்தைக்கும் பெரிய பங்கு உண்டு. கொடுப்பவருக்கு அது புரிந்தால் போதும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதில் எவ்வளவு கிடைக்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரில் கேட்டுவிட்டு, மீதியை மட்டும் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தது புகைப்படம். கட்டிலில், சட்டையில்லாமல், சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை தொங்க எடுத்த படம். அவர் மயக்க மருந்திலிருந்து முழுதாகத் தெளியாதபோது எடுத்தது. அண்ணன் கையெழுத்துப் போட்டாயிற்றே என்று விட்டுவிட்டோம். மயக்கம் தெளிந்த பிறகு தம்பிக்குப் பேச்சும் நினைவும் நன்றாகவே இருந்தன. அவரிடம் யாரும் கேட்கவில்லை. கடை திறந்த பிறகு ரீசார்ஜ் செய்ய வந்த ஒருவர், "இப்போ யூரின் கன்ட்ரோல் வந்துடுச்சா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். அக்கறைதான். ஆனால் அந்தக் கேள்வியை அவர் கையில் கொடுத்தது எங்கள் பதிவு. இந்தியா 2007-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 22-ஆவது பிரிவு, அவர்களுடைய உடல்நலத் தகவலும் மறுவாழ்வுத் தகவலும் மற்றவர்களுடையதைப் போலவே காக்கப்பட வேண்டும் என்கிறது. சட்டையணிந்து உட்கார்ந்த படமே போதும். முகம் வேண்டாம் என்றால் கையும் சக்கரமும் தெரிகிற படம். எதைப் போடுவது என்று அவரே பார்த்துச் சொல்லட்டும். சில திரள்நிதித் தளங்கள் படத்தை விளம்பரமாகவும் ஓட்டும். அதற்கும் சம்மதமா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

நம்பிக்கை வரட்டும் என்று டிஸ்சார்ஜ் சம்மரியை அப்படியே போட்டோம். வீட்டு முகவரி, போன் நம்பர், மருத்துவமனைப் பதிவு எண், ஏற்கெனவே இருந்த வேறு நோய்கள் எல்லாம் அதில் இருந்தன. காட்ட வேண்டியது மருத்துவமனை முத்திரையுள்ள செலவு மதிப்பீட்டுத் தாள் மட்டும்தான். அதிலும் மறைக்க வேண்டியதைப் போனில் இருக்கும் ஹைலைட்டரால் தீட்டாதீர்கள். அது கண்ணாடி மாதிரி. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் சில நேரம் எழுத்து தெரிந்துவிடும். தாளின் மேல் காகிதத் துண்டை ஒட்டிவிட்டுப் படமெடுப்பது மேல். சரிபார்க்க நினைப்பவர் மருத்துவமனை பில்லிங் பிரிவுக்கே போன் செய்யலாம். பணமும் மருத்துவமனைக் கணக்குக்கே நேராகப் போனால் கேள்வியே குறையும்.

பதிவுக்கு முடிவு வைக்கவும் மறந்தோம். தொகை சேர்ந்தும் வாட்ஸ்அப்பில் அது சுற்றியது. யாரோ கியூஆர் குறியீட்டை மட்டும் மாற்றி அதே படத்தை அனுப்பினார்கள். அந்தப் பழியும் குடும்பத்தின் மேல்தான் விழுந்தது. தேதியையும், "இந்தத் தொகையோடு முடிகிறது" என்ற வரியையும் படத்தின் மேலேயே எழுதியிருந்தால் பார்த்தவுடன் தெரிந்திருக்கும். தளத்தில் இருக்கும் பக்கத்தை மூடச் சொல்லலாம். ஃபார்வர்டான படத்தை மட்டும் யாராலும் திரும்ப அழைக்க முடியாது.

மூன்று வருஷம் கழித்து அந்தக் காற்று இருக்கை கிழிந்தது. இந்த முறை தம்பியே எழுதினார், படமே இல்லாமல்: "நான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கடை நடத்துறேன். உட்காருற இருக்கை கிழிஞ்சிடுச்சு, புதுசு 14,000. கையில 5,000 இருக்கு. மீதி சேர்ந்ததும் இந்த மெசேஜை அழிச்சிடுவேன்." இரண்டு நாளில் அழித்துவிட்டார்.