நிறுவனச் செலவில் படிப்பவர்கள் கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டியது

மேற்படிப்புக் கட்டணத்தை நிறுவனம் ஏற்கும்போது, படிப்பு முடிந்தபின் குறிப்பிட்ட காலம் அங்கேயே பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தம் பெரும்பாலும் உடன் வரும். அதில் முதலில் தேட வேண்டியது, இடையில் விலகினால் முழுத் தொகையையும் திருப்ப வேண்டுமா, எஞ்சிய மாதங்களுக்கு ஏற்பவா என்பதே. கட்டணம் 3,00,000 ரூபாய், பணிக்காலம் 24 மாதம் என்று கொண்டால், 15 மாதம் முடித்து விலகுபவர் விகித முறையில் மீதி 9 மாதத்துக்கு 1,12,500 ரூபாய் தந்தால் போதும். அந்த வாசகம் இல்லாவிட்டால் நிறுவனம் 3,00,000 ரூபாயையும் கேட்கக்கூடும்.

அந்த 24 மாதம் எப்போது தொடங்குகிறது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். பணம் தந்த நாளிலிருந்து என்றால் படிக்கும் காலமும் கணக்கில் சேரும், தேர்ச்சி பெற்ற நாளிலிருந்து என்றால் சேராது. ஆட்குறைப்பில் நிறுவனமே வெளியேற்றினால் தொகையைக் கேட்கக் கூடாது என்ற வரியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; வாய்மொழி உறுதியைப் பின்னர் நிரூபிப்பது கடினம்.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 74-இன்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் வழங்கும். எனவே கட்டண ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள், ஏனெனில் நிறுவனம் உண்மையில் செலவிட்டது எவ்வளவு என்பதற்கு அவையே சான்று.