ஒரே கட்டுரை, மூன்று ஆண்டுகள்

பினாங்கில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் என் தங்கை, நள்ளிரவில் மேற்கோள் பட்டியலைச் சரிபார்த்தபோது, ஒரே கட்டுரை 2019, 2020, 2021 என மூன்று முறை பதிவாகியிருப்பதைக் கண்டு திகைத்தாள். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தரப்படும் நிலையான அடையாளமான டிஓஐ எண்களை ஒப்பிட்டதும் காரணம் தெரிந்தது: 10.48550 என்று தொடங்கிய 2019 பதிவு, இதழில் வருமுன்பே ஆர்க்கைவ் தளத்தில் ஏற்றப்பட்ட முன்பதிப்பு. மற்ற இரண்டுக்கும் ஒரே எண், ஏனெனில் இதழ் அக்கட்டுரையை 2020 டிசம்பரில் இணையத்தில் வெளியிட்டு, 2021 மார்ச்சில்தான் தொகுதி எண்ணும் பக்க எண்களும் தந்திருந்தது. தொகுதி எண்ணோடு மேற்கோள் காட்டுவதால் 2021ஐயே அவள் வைத்துக்கொண்டாள். முன்பதிப்பில் மட்டுமே உள்ள அட்டவணையை எடுத்தாண்டிருந்தால் 2019உம் தனியே இருந்தாக வேண்டும். மேற்கோள்களைத் தொகுக்கும் ஸோட்டெரோ மென்பொருளில் உபரிப் பதிவுகளை அழிக்காமல் இணைத்துவிடுங்கள். அழித்தால், வேர்ட் கோப்பில் ஏற்கெனவே இட்ட மேற்கோள்கள் தொடர்பை இழந்துவிடும். முன்பதிப்பையும் இணைப்பதானால், அதன் வகையை முதலில் இதழ்க் கட்டுரை என மாற்ற வேண்டும்.