ஞாயிறு மாலை ஐந்து நிமிடம்: நினைவூட்டலில் நீ செய்யக்கூடாத தவறுகள்

தம்பி, வேலையில் சேர்ந்து மூன்று வாரத்திலேயே புதன்கிழமை வந்தால் மூச்சு முட்டுகிறது என்று எழுதியிருந்தாய். கல்லூரியில் கால அட்டவணையை வேறு யாரோ போட்டுக் கொடுத்தார்கள், தேர்வுத் தேதிகள் மோதாமல் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். வேலையில் அப்படி யாரும் இல்லை. மூன்று பேர் மூன்று வேலை கேட்கிறார்கள், ஒருவர் கேட்டது மற்றவருக்குத் தெரியாது, மூன்றும் ஒரே நாளில் வந்து விழும் என்பதைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் நீதான். அதைப் பார்க்கத்தான் ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் ஒதுக்கச் சொன்னேன்.

அதற்காக நீ போனில் வைத்திருக்கும் நினைவூட்டலில் "வாரத்தைத் திட்டமிடு" என்று இருக்கிறது. முதல் தவறு அதுதான். அதைப் படித்தால் என்ன செய்வது என்று தெரியாது, அதனால் விரல் தானாகத் தள்ளிவிடும். அதற்குப் பதில் கேள்வியாக எழுது: "இந்த வாரம் எதை, எந்த நாளில் முடித்துக் கொடுக்க வேண்டும்? அதற்கு யாரிடமிருந்து என்ன வர வேண்டும்?" கேள்வி என்றால் பதிலைத் தேட காலண்டரைத் திறந்தே ஆக வேண்டும்.

பெரிய தவறு, காலண்டரைத் திறக்காமல் பட்டியல் போடுவது. பன்னிரண்டு வேலைகளை வரிசையாக எழுதினால் திருப்தியாக இருக்கும், ஆனால் அதில் நேரம் எங்கே என்பதே இருக்காது. ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். வியாழன் பகல் 12 மணிக்கு ஒரு அறிக்கை கொடுக்க வேண்டும், மூன்று மணி நேர வேலை என்று உனக்குத் தோன்றுகிறது. சரி, போன முறை எவ்வளவு ஆனது? ஆறு மணி நேரம். அந்த ஆறையே எடுத்துக்கொள். முன்பு இதே வேலை நீண்டது தெரிந்திருந்தும் அடுத்த முறை குறைவாகவே கணக்குப் போடுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம், உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இதற்குப் பெயர் வைத்து எழுதினார்கள். இப்போது காலண்டரைப் பார். செவ்வாய் முழுக்கப் பயிற்சி, திங்கள் காலையும் புதன் காலையும் வியாழன் காலையும் கூட்டம். மிச்சம் இருப்பது திங்கள் மதியம் மூன்று மணி நேரம், புதன் மதியம் மூன்று மணி நேரம். கணக்கு சரியாக வருகிறது, ஆனால் அறிக்கைக்கு வேண்டிய எண்களைத் தர வேண்டியவர் செவ்வாயும் புதனும் விடுப்பு. அப்படியென்றால் இந்த வாரத்தின் மிக முக்கியமான வேலை அறிக்கை எழுதுவது இல்லை, திங்கள் காலை 9:30-க்கு அவரிடம் எண்களைக் கேட்பது. இதைப் புதன்கிழமை கண்டுபிடித்தால் உன்னால் ஒன்றும் செய்ய முடியாது, ஞாயிற்றுக்கிழமை கண்டுபிடித்தால் ஒரே ஒரு செய்தியில் முடிந்துவிடும். அந்தச் செய்தியை ஞாயிறே அனுப்பி அவர் விடுமுறையைக் கெடுக்காதே, எழுதி வைத்துத் திங்கள் காலை போகும்படி நேரம் குறித்துவிடு.

ஐந்து நிமிடத்தின் முடிவில் கையில் இருக்க வேண்டியது இப்படி ஒரு வரிதான்: எந்த நாள், எத்தனை மணிக்கு, முதலில் என்ன செய்வேன். "அறிக்கை" என்று மட்டும் எழுதி வைத்தால் அது மனதில் அரித்துக்கொண்டே இருக்கும். எப்போது, எப்படி என்று குறிப்பாக முடிவு செய்துவிட்டால், வேலை முடியாமலேயே அந்த அரிப்பு குறைகிறது என்று உளவியலாளர்கள் மாசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. உன் ஞாயிறு ராத்திரித் தூக்கத்துக்கு இது ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் நேரம். இரவு 10 மணிக்கு வைத்திருக்கிறாய், அந்த நேரத்தில் களைப்புதான் இருக்கும். வழக்கமாக வீட்டில் இருக்கும் ஒரு மாலை நேரத்துக்கு மாற்று. வெளியில் இருக்கும்போது ஒலித்தால் நீக்காதே, ஒரு மணி நேரம் தள்ளி வை. நீக்கினால் அடுத்த ஞாயிறு வரை அது திரும்ப வராது.

ஐந்து நிமிடம் நாற்பதாக நீண்டால் நீ வேலையையே செய்ய ஆரம்பித்துவிட்டாய் என்று அர்த்தம். மின்னஞ்சல் பெட்டியைத் திறந்ததுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். காலண்டர் மட்டும் போதும், டைமர் அடித்ததும் மூடிவிடு.

தினமும் வேலை மாறுகிற இடமாக இருந்தால் வெள்ளி வரை திட்டம் போடுவது வீண், திங்கள், செவ்வாய் மட்டும் பார். உன் வாரம் வேறு நாளில் தொடங்கினால் அதற்கு முந்தைய நாளுக்கு நினைவூட்டலை மாற்றிக்கொள்.

இந்த ஞாயிறு செய்து பார்த்துவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் திங்கள் காலை எனக்கு அனுப்பு, எங்கே இடிக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.