எந்த வீடியோவில் இருந்து எந்த வாடிக்கையாளர் வந்தார்? தள்ளுபடி கோடும் தனி போன் நம்பரும் வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

யூடியூப் சேனல்களுக்குப் பணம் கொடுத்து உங்கள் பொருளைப் பற்றிப் பேசவைக்கிறீர்கள். வீடியோ வந்த வாரம் ஆர்டர் கூடுகிறது. ஆனால் இரண்டு சேனல்களில் எது ஆள் கொண்டுவந்தது என்று தெரிவதில்லை. பார்த்தவர்கள் எண்ணிக்கை இதற்குப் பதில் சொல்லாது. ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு தனி அடையாளம் கொடுத்து, அந்த அடையாளத்தோடு வருகிறவர்களை எண்ணினால்தான் தெரியும்.

உதாரணத்துக்கு ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடையை வைத்துக்கொள்வோம். வெப்சைட் வூகாமர்ஸ் என்ற ஆன்லைன் கடை மென்பொருளில் ஓடுகிறது, போனிலும் ஆர்டர் எடுக்கிறார்கள். சமையல் சேனல் ஒன்றுக்கு ₹12,000, கிராமத்து வாழ்க்கை சேனல் ஒன்றுக்கு ₹5,000 கொடுத்து ஆளுக்கு ஒரு வீடியோ போடவைக்கிறார்கள்.

படி 1: காதால் கேட்டு டைப் செய்யக்கூடிய கோடு

வீடியோவில் கோடைக் கேட்கிறவர் அதை ஆங்கில எழுத்தில் டைப் செய்யவேண்டும். தமிழ்ச் சொல்லைக் கோடாக வைத்தால் சிக்கல் இங்கேதான் வரும். சமையல் என்பதை ஒருவர் `SAMAYAL` என்பார், இன்னொருவர் `SAMAIYAL` என்பார். கிராமம் `GRAMAM`, `GRAAMAM`, `KIRAMAM` என்று மூன்றாகும். இட்லி என்று வைத்தால்கூட `IDLI`, `IDLY` என்று இரண்டு. தப்பாகப் போட்டுப் பார்த்தவர் பாதிப்பேர் கோடு இல்லாமலே வாங்குவார், மீதிப்பேர் வாங்காமலே போய்விடுவார்.

எல்லோரும் ஒரே மாதிரி எழுதும் சின்ன ஆங்கிலச் சொல்லோடு இரண்டு இலக்கம் சேர்த்தால் போதும். சமையல் சேனலுக்கு `KING47`, கிராமத்துச் சேனலுக்கு `MILK52`. பூஜ்யத்தையும் ஒன்றையும் தவிர்த்துவிடுங்கள், அவை O என்றும் I என்றும் தெரியும். தள்ளுபடி சதவீதத்தையே இலக்கமாக வைக்கவேண்டாம். `KING10` என்று பார்த்தவர் `KING20` போட்டுப் பார்ப்பார். அதே சேனல் இரண்டாவது வீடியோ போட்டால் அதற்குப் புதுக் கோடு.

படி 2: கோடை அமைப்பது

வூகாமர்ஸில் கோடுக்குப் பெயர் கூப்பன். `Marketing → Coupons` போய்ப் புதுக் கூப்பன் சேர்த்து, அதன் பெயராகக் கோடைக் கொடுக்கவும். `Discount type` என்பதில் `Percentage discount`, `Coupon amount` என்பதில் 10. `Individual use only` என்பதை டிக் செய்தால் வேறு கூப்பனோடு சேர்த்துப் போடமுடியாது. `Usage limit per user` என்பதில் 1. லாகின் செய்யாமல் வாங்குகிறவரை இது இமெயிலை வைத்துத்தான் அடையாளம் காணும். வேறு இமெயில் போட்டால் மறுபடி உள்ளே வந்துவிடுவார் என்பதால், இதை மட்டும் நம்பி எண்ணிக்கை எடுக்காதீர்கள்.

`Coupon expiry date` பலரைக் கவிழ்க்கும் இடம். கொடுத்த தேதி பிறக்கும் நள்ளிரவிலேயே கூப்பன் செத்துவிடும். வீடியோவில் "30ஆம் தேதி வரை" என்று சொல்லியிருந்தால் அதற்கு அடுத்த நாளின் தேதியைப் போடவேண்டும். தேதி எதுவும் சொல்லவில்லையென்றால் காலியாக விடுங்கள், யூடியூப் வீடியோவை ஆறு மாதம் கழித்தும் ஆட்கள் பார்ப்பார்கள்.

இன்னொன்று: அதே நாட்களில் வெப்சைட் முகப்பில் "எல்லோருக்கும் 15%" என்று போட்டிருந்தால் 10% கோடை யாரும் தொடமாட்டார்கள். வீடியோ ஓடும்வரை கோடுதான் கடையிலேயே பெரிய தள்ளுபடியாக இருக்கவேண்டும்.

படி 3: வீடியோவுக்கு ஒரு நம்பர்

வெப்சைட்டில் வாங்கத் தயங்குகிறவர்கள் போன் செய்வார்கள். இரண்டு வீடியோ என்றால் இரண்டு புது சிம் போட்ட ஒரு சாதாரண டூயல் சிம் போன் போதும். செட்டிங்ஸில் சிம்முக்கு "சமையல்", "கிராமம்" என்று பெயர் வைத்துவிட்டால் அழைப்பு வரும்போதே எது என்று தெரியும். நாலைந்து வீடியோவுக்கு மேல் போனால் கிளவுட் டெலிபோனி நிறுவனத்திடம் சிம் இல்லாமலே இயங்கும் விர்ச்சுவல் நம்பர்கள் வாங்கி, எல்லாவற்றையும் கடை போனுக்குத் திருப்பிவிடுங்கள். யார் எந்த நம்பருக்கு அழைத்தார் என்ற பட்டியலை அவர்களே தருவார்கள்.

அந்த நம்பரை வேறெங்கும் போடக்கூடாது. பார்சல் லேபிளில் அச்சடித்தால் கூரியர் பையன் அழைப்பதுகூட விளம்பரக் கணக்கில் ஏறும். கூகுள் மேப்பில், பில்லில், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எல்லாம் பழைய கடை நம்பரே இருக்கட்டும். சேவ் செய்தவர்கள் வாட்ஸ்அப்பிலும் கேட்பார்கள், ஆகவே இந்த சிம்களிலும் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டுவையுங்கள். ரீசார்ஜை விட்டுவிட்டால் இணைப்பு துண்டிக்கப்பட்டு நம்பர் ஒருநாள் வேறு யாருக்கோ போய்ச் சேரும். உங்கள் வீடியோ பார்த்தவர்கள் அந்த ஆளைத்தான் எண்ணெய் கேட்டுத் தொந்தரவு செய்வார்கள்.

போனில் ஆர்டர் தந்தவருக்கும் அதே 10% கொடுங்கள். எடுக்கிறவர் தேதி, அழைத்த மொபைல் நம்பர், எந்த சிம், வாங்கினாரா இல்லையா என்ற நாலையும் அன்றன்றே எழுதவேண்டும். போனின் கால் ஹிஸ்டரியை நம்பி மாதக் கடைசிக்குத் தள்ளிப்போட்டால் பாதி போய்விடும்.

படி 4: வீடியோவில் வைக்கும் இடம்

கோடைச் சொல்லிவிட்டு எழுத்தெழுத்தாக ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள்: "கிங் நாற்பத்தேழு, கே ஐ என் ஜி, நாலு ஏழு." நம்பரை ஐந்து ஐந்தாகப் பிரித்துக் காட்டட்டும். திரையில் குறைந்தது ஐந்து நொடி நிற்கவேண்டும். ஷார்ட்ஸ் என்றால் அடிப்பகுதியைத் தலைப்பும் பட்டன்களும் மறைக்கும், நடுவுக்குச் சற்று மேலே வைக்கவேண்டும். டிஸ்கிரிப்ஷனின் முதல் வரியிலும், மேலேயே நிற்கும்படி பின் செய்த கமெண்ட்டிலும் இரண்டையும் போடச் சொல்லுங்கள்.

படி 5: எண்ணுவது

30 நாள் கழித்துக் கணக்கு எடுக்கிறோம். `KING47` போட்டு 46 ஆர்டர், சமையல் சிம்மில் 21 ஆர்டர், மொத்தம் 67. `MILK52` போட்டு 38, கிராமம் சிம்மில் 6, மொத்தம் 44. செலவை வகுத்தால் சமையல் சேனலில் ஒரு ஆர்டருக்கு ₹179, கிராமத்துச் சேனலில் ₹114. அடுத்த மாதப் பணத்தை எல்லாம் கிராமத்துச் சேனலுக்கே கொடுக்கத் தோன்றும். கொடுத்துவிடாதீர்கள், இது இன்னும் வாடிக்கையாளர் கணக்கு ஆகவில்லை.

கூகுள் ஷீட்டில், வீடியோ வருவதற்கு முந்தைய நாள் வரை வாங்கிய எல்லோருடைய மொபைல் நம்பரையும் `old` என்ற தனிப் பக்கத்தில் போடுங்கள். +91, இடைவெளி எல்லாம் கலந்திருக்கும் என்பதால் இரண்டு பக்கத்திலும் கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் பிரித்தெடுக்கவேண்டும். கீழே முதல் வரி அதற்கு. `old` பக்கத்தில் பிரித்த நம்பர்கள் A பத்தியிலும், புது ஆர்டர் பக்கத்தில் C பத்தியிலும் இருந்தால், இரண்டாவது வரி பழைய ஆளா என்று சொல்லும்:

```
=RIGHT(SUBSTITUTE(B2," ",""),10)
=COUNTIF(old!A:A,C2)
```

விடை பூஜ்யம் என்றால் புது ஆள். அதற்கு மேல் என்றால் ஏற்கெனவே உங்களிடம் வாங்கியவர். புது ஆர்டர் பக்கத்திலேயே ஒரு நம்பர் இரண்டுமுறை வந்தால் அவரை ஒருமுறைதான் எண்ணவேண்டும்.

நம் உதாரணத்தில் `KING47` போட்ட 46 பேரில் 9 பேர் பழையவர்கள். சிம்மில் வந்த 21 பேரில் 4 பேர் ஏற்கெனவே கோடு போட்டு வாங்கியவர்கள், மறுபடி வாங்கப் போன் செய்திருக்கிறார்கள். மிச்சம் 37 + 17, அதாவது 54 புது வாடிக்கையாளர்கள். `MILK52` பக்கம் 38 பேரில் 26 பேர் பழையவர்கள். தேதியைப் பார்த்தால் அதில் 24 பேர் வீடியோ வந்து எட்டு நாள் கழித்து, இரண்டே நாளில் வந்திருக்கிறார்கள். யாரோ கோடை வாடிக்கையாளர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார்கள் என்பதற்கு இந்தக் குவியல்தான் அடையாளம். புதியவர்கள் 12 + 6, பதினெட்டே பேர்.

இப்போது ஒரு புது ஆளுக்கு ஆன செலவு சமையல் சேனலில் ₹222, கிராமத்துச் சேனலில் ₹278. கணக்கு தலைகீழாகிவிட்டது. தள்ளுபடியையும் இதோடு சேருங்கள். சராசரி ஆர்டர் ₹1,200, அதில் லாபம் ₹300 என்றால் தள்ளுபடி ₹120 போக நிற்பது ₹180. முதல் ஆர்டரில் சமையல் சேனல்கூட ஆளுக்கு ₹42 நஷ்டம்தான். அந்த 54 பேரில் எத்தனை பேர் அடுத்த டின்னுக்குத் திரும்பி வருகிறார்கள் என்பதை அதே மொபைல் நம்பரை வைத்து மூன்று மாதம் பார்த்தபிறகே அடுத்த வீடியோவுக்குப் பேசுங்கள்.

இந்த முறைக்குப் பிடிபடாதவர்களும் உண்டு. வீடியோ பார்த்துவிட்டு, கோடை மறந்து, கடைப் பெயரைத் தேடி நேராக வந்து வாங்கியவர் கணக்கில் வரமாட்டார். மனைவி போனில் அழைத்து விசாரித்துவிட்டுக் கணவர் நம்பரில் ஆர்டர் போட்டால் அதுவும் தப்பும். இவர்களைத் தோராயமாகப் பிடிக்க, இரண்டு வீடியோவையும் ஒரே நாளில் வெளியிடாமல் பத்து நாள் இடைவெளி விடுங்கள். வீடியோவுக்கு முந்தைய வாரம் கோடு இல்லாமல் வந்த புது ஆட்கள் எத்தனை, பிந்தைய வாரம் எத்தனை என்று பார்த்து, கூடுதலாக வந்தவர்களைத் தனிப் பத்தியில் குறித்துவையுங்கள். 54 என்ற எண்ணோடு அதைக் கூட்டிவிடக்கூடாது. அது ஊகம், 54 பேருக்கு மொபைல் நம்பர் இருக்கிறது.